வால் அறுந்து வரும் செய்திகள்

ஒட்டன்சத்திரத்தில் காய்கறி ஏற்றிய வண்டி பொள்ளாச்சி, மீனாட்சிபுரம் தாண்டி விடியற்காலையில் திருச்சூர் மார்க்கெட்டுக்குள் நுழையும்போது, மண்டியில் இருப்பவருக்குத் தகவல் வருவது டிரைவரின் செல்போனிலிருந்துதான். கையில் வேலை இருப்பதால் டிரைவர்கள் டைப் செய்வதில்லை. மைக்கை அழுத்திப் பேசுகிறார்கள், போன் அதை எழுத்தாக்கி அனுப்புகிறது. ஓடும் டீசல் என்ஜின், ஹார்ன், சுமை இறக்கும் யூனியன் ஆட்களின் கூச்சல் எல்லாம் கலந்து, மண்டிக்கு வந்து சேர்வது இப்படி இருக்கும்:

"அண்ணே திருச்சூர் வந்து தக்காளி அறுபது பெட்டி நசுங்கி எறக்கலாம் சொல்லுங்க"

டிரைவர் சொன்னது வேறு. "தக்காளி இருபது பெட்டி நசுங்கிருச்சு. இன்னும் எறக்கல. என்ன பண்றதுன்னு சொல்லுங்க."

தமிழில் நடந்ததா இல்லையா என்பது வினையின் கடைசி ஓரிரு அசையில்தான் தெரியும். இறக்கியாச்சு, இறக்கல, இறக்கலாம், இறக்கலாமா எல்லாவற்றுக்கும் முன்பாதி ஒன்றே. பேசுகிறவருக்கு மூச்சு குறைந்து குரல் தாழ்வதும் அந்தக் கடைசியில்தான். பலர் சொல்லி முடிக்கும் முன்பே விரலையும் எடுத்துவிடுகிறார்கள். இரைச்சலில் அமுங்கிய அந்த நுனியைச் செயலி காலியாக விடுவதில்லை, பழகிய சொல் ஒன்றை ஊகித்து ஒட்டிவிடுகிறது. அதனால் துண்டு துண்டாக வரும் வாக்கியத்தைவிட ஒழுங்காகத் தெரியும் வாக்கியத்தில்தான் ஆபத்து அதிகம். துண்டைப் பார்த்தால் நாமே திரும்பக் கேட்போம், ஒழுங்கானதை நம்பிவிடுவோம்.

எண்களில் கதை தலைகீழ். இருபது, அறுபது இரண்டையும் பேச்சில் பிரித்துக் காட்டுவது பெரும்பாலும் முதல் ஒலிதான். அந்த நொடியில் ஒரு ஹார்ன் அடித்தால் போதும். 14 கிலோ பெட்டியில் 40 பெட்டி வித்தியாசம் என்றால் 560 கிலோ, வியாபாரியிடம் பேச வேண்டிய தொகையே மாறிவிடும்.

எல்லைக்கு அந்தப் பக்கம் இன்னொரு சிக்கல் சேர்கிறது. மலையாளத்தில் 'வேணம்' என்றால் வேண்டும், நம் 'வேணாம்' அதற்கு நேர் எதிர். கேரள வியாபாரி சொன்னதை டிரைவர் அப்படியே "வெண்டை பத்து சாக்கு வேணம்ங்கிறார்" என்று ஒப்பித்தால், தமிழில் வைத்திருக்கும் போன் அதை 'வேணாம்' என்று எழுத வாய்ப்பு அதிகம். இரைச்சலில் மனிதர்கள் கத்துவார்கள், கத்தினால் உயிரெழுத்து நீளும். அதனால் சத்தமாகச் சொல்லச் சொல்வது இங்கே தீர்வே இல்லை. என்ஜினை நிறுத்தி, கண்ணாடியை ஏற்றி, போனை வாய்க்கு நான்கு விரல் தூரத்தில் சற்றுப் பக்கவாட்டில் பிடித்து, சாதாரணக் குரலில் பேசச் சொல்ல வேண்டும். தூரம் பாதியானால் மைக்குக்குப் போகும் குரல் சுமார் 6 டெசிபல் கூடும், இரைச்சல் அப்படியே இருக்கும். மலிவான புளூடூத் ஹெட்செட்டைவிட போனை நேராகப் பிடிப்பதே மேல். அவற்றில் பல, பேசும்போது ஒலியின் மேல்பகுதியை வெட்டிவிடுகின்றன.

இவ்வளவுக்குப் பிறகும் அர்த்தத்தை உறுதி செய்தே ஆக வேண்டும். பெரும்பாலும் தவறு நடப்பது இந்த இடத்தில்தான். "எறக்கலாம்னு சொன்னீங்களா, சரிதானே?" என்று கேட்டால் அந்தச் சந்தடியில் "ம்ம், சரிண்ணே" என்றுதான் பதில் வரும். அந்தச் 'சரி' எதற்கென்று யாருக்கும் தெரியாது. கேள்விக்கு இரண்டு பதில் இருக்க வேண்டும், இரண்டும் காதுக்கு வெவ்வேறாக ஒலிக்க வேண்டும். "தம்பி, சரக்கு வண்டியில இருக்கா, கீழே இருக்கா?" 'வண்டியில', 'கீழே' இரண்டையும் எந்த இரைச்சலும் ஒன்றாக்காது. வியாபாரி விஷயத்திலும் 'வேணுமா' என்று கேட்காமல், "பத்து சாக்கும் அங்கே இறங்குதா, திரும்பி வருதா?" என்று கேட்பது நல்லது.

எண்ணை அப்படியே திருப்பிக் கேட்டால் அதே பிழைதான் திரும்பி வரும். மறுபக்கத்திலிருந்து கேட்க வேண்டும். "240 பெட்டியில நல்ல பெட்டி எத்தனை? ஒவ்வொரு எண்ணாச் சொல்லு." "ரெண்டு, ரெண்டு, சைபர்" என்று வந்தால் நசுங்கியது 20. "ஒண்ணு, எட்டு, சைபர்" என்றால் 60. முதலில் வந்த எண்ணும் இந்தப் பதிலும் ஒத்துப்போகாவிட்டால் படம் எடுத்து அனுப்பச் சொல்ல வேண்டும், வாய்க்கணக்கை அதற்கு மேல் நீட்டக்கூடாது.

எழுத்தோடு குரல் பதிவையும் அனுப்பச் சொல்வது நல்ல வழக்கம். போனின் குரல்வழி டைப்பிங் எழுத்தை மட்டும்தான் அனுப்புகிறது, பேசிய ஒலி மண்டிக்கு வருவதில்லை. பிறகு சண்டை வந்தால் போட்டுக் கேட்க ஒன்றும் இருக்காது. பதில் வராத செய்தியை நோட்டில் ஏற்றும்போது 60 என்று எழுதாமல், "60? கேட்கணும்" என்று வந்தபடியே எழுதி, வண்டி நம்பரையும் பக்கத்தில் போட்டு வைக்க வேண்டும். மாலையில் கணக்கு அடைப்பவர் தன் ஊகத்தை அதில் சேர்க்காமல் டிரைவரைக் கூப்பிட்டுக் கேட்பார்.