நாக்கு சொன்னதா, வயிறு சொன்னதா

கோத்தகிரிப் பக்கத்துத் தேயிலைத் தொழிற்சாலை ஒன்றில் நான் பதினாறு ஆண்டுகளாக, இலை தூளாகும் வேலையைக் கவனிக்கும் டீ மேக்கராக இருக்கிறேன். என் மனைவி எட்டு மைல் தள்ளியுள்ள வேறொரு தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டு உதவியாளராகச் சேர்ந்து, ஒன்பதாவது ஆண்டில் அந்தத் தொழிற்சாலையின் உற்பத்திப் பொறுப்பாளராக உயர்ந்தார். என்னைப் போன்ற டீ மேக்கர்கள் இருவர் அவருக்குக் கீழே வேலை செய்கிறார்கள். எங்கள் தொழிற்சாலையில் அதே நிலைப் பதவிக்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன் என் பெயர் பேசப்பட்டு, பிறகு வெளியிலிருந்து ஒருவரை அழைத்து வந்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லாவிட்டால் இந்தக் கதை விளங்காது.

என் மனைவி பதவி உயர்வுச் செய்தியைச் சொன்ன மாலையில் நான் முதலில் கேட்டது, "ராத்திரி ஷிப்டுக்கும் போகணுமா?" என்பதுதான். இரண்டாவதாக, பிள்ளையைப் பள்ளியிலிருந்து யார் அழைத்து வருவது என்று கேட்டேன். இரண்டும் நியாயமான கேள்விகள் என்பதால் அவற்றில் தவறு இருப்பதாக எனக்கு அன்று தோன்றவில்லை. நல்ல செய்தி சொல்பவருக்குத் துணைவர் எப்படிப் பதில் சொல்கிறார் என்பதை ஆராய்ந்த ஷெல்லி கேபிள் என்ற உளவியலாளரும் அவருடைய குழுவினரும் 2004-இல் வெளியிட்ட கட்டுரையைப் பற்றிப் பிற்பாடு படித்தேன். அவர்கள் அந்தப் பதில்களை நான்கு வகையாகப் பிரிக்கிறார்கள். அவற்றில் ஒன்று, அக்கறையோடு கவனித்துக் கேட்டு, அந்தச் செய்தியில் உள்ள சிக்கல்களை மட்டும் எடுத்து முன்னால் வைப்பது. நான் செய்தது அச்சு மாறாமல் அதுதான்.

என் தம்பி கோயம்புத்தூரில் சொந்தமாக லேத் பட்டறை வைத்து என்னைவிட நன்றாகச் சம்பாதிக்கிறான். அதைப் பற்றி எனக்கு ஒருநாளும் உறுத்தல் இருந்ததில்லை. ஆபிரகாம் டெசர் என்ற அமெரிக்க உளவியலாளர் 1980-களில் விளக்கியபடி, வெற்றி பெற்றவர் நமக்கு நெருங்கியவராகவும், அவர் வென்ற துறை நாம் நம்மை அளந்துகொள்ளும் துறையாகவும் இருக்கும்போதுதான் ஒப்பீடு அதிகமாகக் குத்துகிறது. லேத் எனக்கு ஒன்றுமில்லை, தேயிலை அப்படியில்லை. ஒரே தொழிலில் இருக்கும் தம்பதிக்கு இதில் இன்னொரு வசதியும் உண்டு. பொறாமை அங்கே பொறாமையாகப் பேசாது, தொழில்நுட்பக் கருத்தாகப் பேசும்.

என்னுடையது அப்படித்தான் பேசியது. என் மனைவி வழக்கம்போல் தன் தொழிற்சாலைத் தூளில் ஒரு சிறு பொட்டலம் வீட்டுக்குக் கொண்டுவந்து என் கருத்தைக் கேட்பார். பதவி உயர்வுக்குப் பிறகு நான் ஒவ்வொரு முறையும் ஏதோவொரு குறையைக் கண்டேன். இலையை வாட்டியது போதவில்லை, ஈர இலையை அரைத்ததால் சாறு கரகரப்பாக இறங்குகிறது என்பேன். இன்னொரு நாள், அரைத்த இலையின் நொதித்தலை நீளவிட்டதால் தேநீரின் சுறுசுறுப்பான சுவை செத்துவிட்டது என்பேன். இவை உண்மையிலேயே தேநீரில் வரக்கூடிய குறைகள்தான். ஆனால் ஒரே வாரத்தில் இரண்டும் மாறிமாறி வருவதாகச் சொல்பவனை நானே வேறிடத்தில் சந்தித்திருந்தால் சந்தேகப்பட்டிருப்பேன். சில வாரங்களில் பொட்டலங்கள் வருவது நின்றது. வேலை அதிகம், மறந்துவிட்டார் என்று எண்ணிக்கொண்டேன்.

பிறகு இரண்டு சம்பவங்கள் அடுத்தடுத்து நடந்தன. குன்னூர் தேயிலை ஏலத்தில் அவருடைய சரக்கில் ஒரு பகுதி கேட்பாரில்லாமல் திரும்பியதாக ஒரு வியாழக்கிழமை காதில் விழுந்தபோது, மூச்சு இலேசானது போல ஒரு நிம்மதி எனக்குள் வந்தது. அந்த நிம்மதியை நான் தெளிவாகப் பார்த்தேன். அடுத்த வாரம் எங்கள் தொழிற்சாலையில், எங்கள் தூளோடு அக்கம்பக்கத்துத் தொழிற்சாலைகளின் மாதிரிகளையும் எண் மட்டும் இட்டு வரிசையாக வைத்துச் சுவைத்தோம். நான்காம் கோப்பைக்கு நான்தான் அதிக மதிப்பெண் போட்டேன். நல்ல வாட்டம், நிறம் பளிச்சென்று இருக்கிறது என்றும் எழுதினேன். தாளைத் திருப்பிப் பார்த்தபோது அது அவருடைய தொழிற்சாலைத் தூள். பெயர் தெரியாதபோது ஒன்று சொன்ன நாக்கு, பெயர் தெரிந்தபோது வேறொன்று சொல்லியிருந்தது.

அன்றிரவே சொல்லிவிட வேண்டுமென்று முயன்று, மோசமாகச் சொன்னேன். "நான் எதற்கும் லாயக்கில்லாதவன் என்று தோன்றுகிறது" என்று தொடங்கியதில், அவர் பாவம், இரவு பதினொரு மணிக்கு என்னைத் தேற்ற வேண்டியதாயிற்று. அவருடைய பதவி உயர்வைப் பற்றிப் பேச உட்கார்ந்து, என் வருத்தத்தையே அவர் மடியில் இறக்கிவைத்துவிட்டேன். மறுநாள் காலையில் அவர் முகத்தில் களைப்பு மட்டுமே இருந்தது. பேசியும் ஒன்றும் பேசாத இரவு அது.

அடுத்த ஞாயிறு, பிள்ளை வெளியே விளையாடப் போனபின், இந்த முறை உணர்வைப் பற்றி எதுவும் சொல்லாமல் நடந்ததை மட்டும் சொன்னேன். வியாழக்கிழமை உன் சரக்கு விலைபோகாதபோது எனக்கு நிம்மதியாக இருந்தது. நான்காம் கோப்பைக்கு இப்படி மதிப்பெண் போட்டேன். அதற்கு முன் வீட்டில் நான் சொன்ன குறைகளில் எது உண்மை, எது இல்லை என்று இப்போது எனக்கே தெரியவில்லை. இதில் உன் தவறு ஒன்றுமில்லை, நீ எதையும் குறைத்துக்கொள்ள வேண்டியதும் இல்லை. இரவு ஷிப்டு பற்றிய பேச்சு மட்டும் நிஜமான பிரச்சினை, அதைத் தனியாக உட்கார்ந்து பேசலாம் என்றேன். முதல் இரவில் கலந்து கொட்டிய என் பொறாமையையும் ஷிப்டுச் சிக்கலையும் பிரித்ததில்தான் பேச்சு நகர்ந்தது.

அவர் உடனே மன்னித்துவிடவில்லை. வெகுநேரம் வெளியே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "நீங்க சொன்னதை நம்பி வாட்டும் நேரத்தை ரெண்டு தடவை மாத்தினேங்க" என்றார். எனக்கு அதுவரை தெரியாத செய்தி அது. அதில் ஒருமுறை இலை தேவைக்கு மேல் வாடி, அந்த நாள் தூள் பழுதாகியிருக்கிறது. ஏலத்தில் திரும்பிய சரக்கில் அதுவும் இருந்ததா என்று நான் கேட்கவில்லை; அவரும் சொல்லவில்லை. நல்ல செய்திகளை வீட்டு வாசலிலேயே விட்டுவிட்டு உள்ளே வரக் கற்றுக்கொண்டதாகவும், அது பொட்டலம் கொண்டுவராததைவிடக் கஷ்டமாக இருந்ததாகவும் பிறகு சொன்னார்.

மாதத்தில் எட்டு இரவுகள் அவர் ஷிப்டு, அந்த நாட்களில் நான் பகல் ஷிப்டு என்று எங்கள் மேலாளரிடம் கேட்டு வாங்கியதில் பள்ளிப் பிரச்சினை தீர்ந்தது. அது ஒரு மணி நேரப் பேச்சு. என் பதவி உயர்வைப் பற்றியும் முதல்முறையாக நேரில் கேட்டேன். இன்னும் பதில் இல்லை.

மற்றது அப்படித் தீரவில்லை. அவர் சரக்குக்கு நல்ல விலை கிடைத்த செய்தி வரும்போது இப்போதும் உள்ளே ஒரு சுருக்கு விழுகிறது. அப்போது முதலில் விலையைக் கேட்கிறேன், அப்புறம் எப்படிச் செய்தார் என்று கேட்கிறேன். என் கருத்தை அவர் கேட்டால் மட்டுமே சொல்கிறேன். பனிவிழும் ஜனவரியில் ஒருநாள் மறுபடியும் பொட்டலம் மேசைக்கு வந்தது. போட்டுக் குடித்துப் பார்த்து, இலையை உலர்த்தும் டிரையரில் சூடு கொஞ்சம் குறைந்திருக்கும் போலிருக்கிறது, அவிந்த வாடை வருகிறது என்றேன்.

"இது நாக்கு சொல்லுதா, வயிறு சொல்லுதா?" என்று கேட்டார்.

இன்னொரு மிடறு குடித்துவிட்டு, நாக்குதான் என்றேன். அவர் கோப்பையை வாங்கித் தானும் குடித்துப் பார்த்து, போனை எடுத்து டிரையர்காரரை அழைத்தார்.