அம்புக்குறி எந்தப் பக்கம்? குறியுடைமைக் கேள்வியை நான் படித்த விதம்

முதுகலை மொழியியலில் ஒலியனியல் தாள். 15 மதிப்பெண் கேள்வி ஒன்று. குறியுடைமையை விளக்கி, கொடுக்கப்பட்ட மொழிகளில் p, b போல வாயை அடைத்துத் திறக்கும் வெடிப்பொலிகளை வைத்து ஓர் உட்கிடைப் பொதுமையைச் சோதிக்க வேண்டும். மூன்று பக்கம் எழுதினேன். கிடைத்தது 4. திருத்திய தாளைப் பார்க்கக் கேட்டு வாங்கினேன். "ஒலிப்புடை ஒலிகள் குறியுற்றவை, ஆகவே அவை அரிதாகவே வரும்" என்று நான் எழுதியிருந்த வரிக்குப் பக்கத்தில் ஒரே ஒரு சொல் இருந்தது: "ஏன்?"

அந்தச் சொல்லுக்குப் பதில் தேடியபோதுதான் இந்தப் பகுதி எனக்குப் புரிந்தது. அடுத்த முறை எழுதுபவர்களுக்காக, நான் படித்த வரிசையிலேயே சொல்கிறேன்.

முதலில் பெயர்கள். வகுப்பில் மார்க்ட்னெஸ் என்பதைத்தான் குறியுடைமை என்கிறேன். 1930களில் பிராக் மொழியியல் வட்டத்தைச் சேர்ந்த துருபெட்ஸ்கோய், யாக்கோப்சன் இருவரும் இதை ஒலியனியலுக்குள் கொண்டுவந்தார்கள். எதிரெதிராக நிற்கும் இரண்டு ஒலிகளில் ஒன்று எளியது, இன்னொன்று அதன்மேல் ஒரு கூறு கூடுதலாகப் பெற்றது என்று அவர்கள் பார்த்தார்கள். /s/ ஒலிக்கும்போது குரல் நாண்கள் அதிர்வதில்லை, அது ஒலிப்பிலா ஒலி. அதே இடத்தில் அதிர்வைச் சேர்த்தால் /z/ என்ற ஒலிப்புடை ஒலி. இங்கே /z/ குறியுற்றது. பின்னால் 1963இல் மொழியியலாளர் கிரீன்பெர்க் 30 மொழிகளை வைத்து 45 பொதுமைகளை வெளியிட்டார். அவற்றில் பல "இது இருந்தால் அது இருக்கும்" என்ற வடிவில் இருப்பவை. அந்த வடிவத்துக்குத்தான் உட்கிடைப் பொதுமை என்று பெயர்.

என் முதல் தவறு அந்த "இருந்தால்" எந்தப் பக்கம் நிற்கிறது என்பதில். "எளிய ஒலி இருந்தால்தான் சிக்கலான ஒலி வரும்" என்று பேச்சில் சொல்லிப் பழகியவர்கள், தாளில் எளியதிலிருந்து சிக்கலானதை நோக்கி அம்புக்குறி போட்டுவிடுகிறார்கள். அது தலைகீழ். சரியான வடிவம் z → s. /z/ இருக்கும் மொழியில் /s/ இருக்கும். /s/ இருக்கும் மொழியில் /z/ இருக்குமா என்பதைப் பற்றி இந்த வாக்கியம் ஒன்றுமே சொல்லவில்லை.

இதைக் குழப்பாமல் வைத்துக்கொள்ள நான் செய்தது, எந்தப் பொதுமை வந்தாலும் முதலில் நான்கு கட்டம் போடுவது. /s/, /z/ இரண்டும் உள்ள மொழி: ஆங்கிலம், பிரெஞ்சு. /s/ மட்டும் உள்ளது: ஸ்பானிஷ். இரண்டும் இல்லாதது: ஹவாய் மொழி. /z/ மட்டும் உள்ளது: இந்தக் கட்டம்தான் காலியாக, அல்லது ஏறக்குறைய காலியாக இருக்க வேண்டும். நான்கில் ஒன்று மட்டும் காலி என்றால் உங்கள் கையில் உட்கிடைப் பொதுமை இருக்கிறது. காலியான கட்டத்தில் எது இருக்கிறது, எது இல்லை என்று பார்த்தால் அம்புக்குறியின் திசை தானாக வந்துவிடும்.

ஸ்பானிஷில் [z] காதில் விழுகிறதே என்று யாராவது கேட்கலாம். "மிஸ்மோ" போன்ற சொல்லில், ஒலிப்புடைய மெய்க்கு முன்னால் /s/ அதிர்வைப் பெறுகிறது. ஆனால் அது மாற்றொலி. /s/, /z/ வேறுபாட்டால் பொருள் மாறும் சொற்கள் ஸ்பானிஷில் இல்லை. பொதுமை பேசுவது பொருளை மாற்றும் ஒலிகளான ஒலியன்களைப் பற்றி. நமக்கு இது வீட்டு விஷயம். "தங்கம்" என்பதில் [g] கேட்கிறது, "பக்கம்" என்பதில் [k] கேட்கிறது, எழுத்து ஒன்றுதான். தமிழின் சொந்தச் சொற்களில் அந்த வேறுபாடு பொருளை மாற்றுவதில்லை. ஆகவே கட்டம் போடும்போது தமிழ் "ஒலிப்பிலா வெடிப்பொலி மட்டும்" என்ற இடத்தில் நிற்கும். தேர்வில் தமிழைக் கொடுத்தால் பலர் "[g], [d], [b] உண்டு" என்று எழுதி முதல் படியிலேயே வழுக்குகிறார்கள்.

இப்போது நான் கோட்டைவிட்ட கேள்வி. சோதிக்க வேண்டிய பொதுமை: ஒலிப்புடை வெடிப்பொலி இருந்தால் ஒலிப்பிலா வெடிப்பொலியும் இருக்கும். கொடுத்த மொழிகளில் சிக்கலைக் கிளப்பியவை மூன்று. மற்ற ஒலிகளைத் தள்ளிவிட்டு, இதழ், பல், பின்னண்ணம் என்ற மூன்று இடங்களை மட்டும் எடுத்தால் படம் இதுதான்:

```
          ஒலிப்பிலா    ஒலிப்புடை
டச்சு      p  t  k      b  d  –
தாய்       p  t  k      b  d  –
அரபு      –  t  k      b  d  –
```

தாய் மொழியில் மூச்சுடை ஒலிகள் தனி வரிசையாக உண்டு. அரபு என்பது இங்கே செந்தர அரபு. அதில் வேறு வெடிப்பொலிகளும் உண்டு. இந்தக் கேள்விக்கு இரண்டும் வேண்டாம்.

அரபைப் பார்த்ததும் நான் "விதிவிலக்கு" என்று எழுதிவிட்டேன். /b/ இருக்கிறது, /p/ இல்லை. அப்படியானால் பொதுமை உடைந்ததா? பதில், நீங்கள் எந்த மட்டத்தில் கேட்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. வரிசை மட்டத்தில் உடையவில்லை: அரபில் ஒலிப்புடை வரிசை இருக்கிறது, /t/, /k/ கொண்ட ஒலிப்பிலா வரிசையும் இருக்கிறது. இட மட்டத்தில், அதாவது "/b/ இருந்தால் /p/ இருக்கும்" என்று சுருக்கிச் சொன்னால், உடைகிறது. அந்தச் சுருக்கத்தைக் கேள்வி கேட்கவில்லை, நானாகப் போட்டுக்கொண்டேன். பொதுமையை வாசித்ததும் அது வரிசையைப் பற்றியதா, தனி ஒலியைப் பற்றியதா என்று ஒரு வரி எழுதிவிட்டு மேலே போங்கள். அந்த ஒரு வரி பாதி விடையைக் காப்பாற்றும்.

அட்டவணையில் இன்னும் சுவாரசியமான விஷயம் ஓட்டைகள் விழுந்த இடம். ஒலிப்பிலா பக்கத்தில் காணாமல் போனது /p/. ஒலிப்புடை பக்கத்தில் காணாமல் போனது /g/. ஓட்டைகள் கண்ட இடத்தில் விழவில்லை. வேறு குடும்பங்களின் மொழிகளை எடுத்தாலும், மூன்று இடத்துக்கும் ஜோடி இருக்க வேண்டிய வரிசையில் குறை விழுந்தால், பெரும்பாலும் இந்த இரண்டு மூலைகளில்தான் விழுகிறது. இந்த "ஏன்"தான் அந்த ஓரக் குறிப்பு கேட்ட "ஏன்".

இதற்குப் பதில் புத்தகத்தைவிட வாயில் சீக்கிரம் கிடைக்கும். தொண்டையில் இரண்டு விரலை வையுங்கள். "அம்பு" என்று சொல்லத் தொடங்கி, "பு"வுக்காக உதடு மூடியதும் திறக்காமல், மூக்கு வழியாகவும் காற்றை விடாமல், தொண்டை அதிர்வை மட்டும் இழுத்துப் பிடியுங்கள். கன்னம் லேசாக உப்பும், அதிர்வு சிறிது நேரம் நீடிக்கும், பிறகு அடங்கிவிடும். இப்போது "தங்கம்" என்பதன் [g]இல் அதையே செய்யுங்கள். அதிர்வு இன்னும் சீக்கிரம் நின்றுவிடும்.

குரல் நாண்கள் அதிர வேண்டுமானால் அவற்றின் ஊடே காற்று ஓட வேண்டும். கீழே அழுத்தம் கூடுதலாகவும் மேலே குறைவாகவும் இருந்தால்தான் ஓடும். வாயை அடைத்துவிட்டால் உள்ளே வரும் காற்று சேர்ந்து மேலழுத்தமும் ஏறுகிறது. இரண்டும் சமமாகும்போது அதிர்வு நிற்கிறது. உதட்டில் அடைத்தால் பின்னால் பெரிய அறை, அதோடு விரிந்துகொடுக்கும் கன்னங்கள். பின்னண்ணத்தில் அடைத்தால் மிச்சம் இருப்பது சிறிய அறை, நொடியில் நிரம்பிவிடும். ஒலிப்புடை வெடிப்பொலி முழுக்கவே ஒலிப்பிலாததைவிடக் கடினம் என்பதற்கும், அதிலும் /g/ மிகக் கடினம் என்பதற்கும் ஒரே காரணம். இந்தக் காற்றழுத்த விளக்கத்தை விரிவாக வளர்த்தவர் ஒலியியலாளர் ஜான் ஒஹாலா. /p/இன் பலவீனம் வேறு வகை. உதட்டுக்கு முன்னால் காற்று எதிரொலிக்க அறை இல்லாததால் அதன் வெடிப்பு மெலிதாகக் கேட்கிறது, எளிதில் உரசொலியாகத் தேய்கிறது.

தேய்ந்ததற்கு அரபிலேயே சான்று இருக்கிறது. வாய்க்கு எபிரேயத்தில் "பே", அரபில் "ஃபம்". தொல்செமித்திய /p/ அரபில் /f/ ஆகிவிட்டது. டச்சில் g என்ற எழுத்துக்கு வரும் ஒலியும் வெடிப்பொலி அல்ல, உரசொலி. ஓட்டை எப்படி விழுந்தது என்பதற்கு ஒரு வரலாற்றுச் சான்றைக் காட்டினால், அட்டவணையை வெறுமனே விவரிக்கும் விடையிலிருந்து உங்கள் விடை தனியாகத் தெரியும்.

என் பழைய வாக்கியத்தில் இருந்த கோளாறை இப்போது சொல்கிறேன். ஏன் அரிது? குறியுற்றது என்பதால். ஏன் குறியுற்றது? அரிதாக வருகிறது என்பதால். இது ஒரே இடத்தில் சுற்றும் வண்டி. குறியுடைமை என்பது பார்த்ததற்கு வைத்த பெயர். அதையே காரணமாகவும் எழுதக் கூடாது. வண்டியை நிறுத்த இரண்டு வழி. ஒன்று, மேலே செய்ததுபோல் வாயையும் காதையும் காரணமாகக் காட்டுவது. மற்றொன்று, மொழிகளை எண்ணுவதோடு தொடர்பில்லாத தனிச் சான்று ஒன்றைக் கொடுப்பது. டச்சில் நாய் என்பதன் எழுத்து hond, உச்சரிப்பு "ஹோன்ட்", கடைசியில் [t]. பன்மையில் உயிர் சேர்ந்ததும் [d] திரும்பிவிடுகிறது. சொல்லின் இறுதியில் வேறுபாடு அழிகிறது, அழியும்போது நிற்பது ஒலிப்பிலாதது. ஒரே மொழிக்குள் கிடைக்கும் இந்தச் சான்று, பல மொழிகளை ஒப்பிட்டுக் கிடைத்த முடிவோடு ஒத்துப்போகிறது. குழந்தைகள் ஒலிகளைக் கற்பதும் எளியது முதலில் என்ற இதே வரிசையில் போகும் என்று யாக்கோப்சன் 1941இல் வாதிட்டார். அதை ஒரு வரியில் சொல்லலாம், ஆனால் அதன்மேல் முழுப் பாரத்தையும் ஏற்ற வேண்டாம். குழந்தைக்குக் குழந்தை வரிசை மாறுவது உண்டு.

மறுதேர்வில் இந்த வரிசையில் எழுதினேன்: கட்டம், மட்டம், ஓட்டை, காரணம், தனிச் சான்று. 12 வந்தது. அப்புறம் வாய்மொழித் தேர்வில் ஒரு கேள்வி வந்தது. ஆஸ்திரேலியாவின் யிடின் மொழியில் வெடிப்பொலிகளை b, d, g என்றே எழுதுகிறார்கள், ஒலிப்பிலா வரிசையே இல்லை. பொதுமை விழுந்துவிட்டதே?

சிறிது யோசித்துவிட்டு, அந்த மொழியில் இருப்பது ஒரே ஒரு வரிசை என்றேன். எதிரே நிற்க இன்னொரு வரிசை இல்லாதபோது, p என்று எழுதுவதா b என்று எழுதுவதா என்பது ஆய்வாளரின் தேர்வாகிறது. அங்கே பெரும்பாலும் அதிர்வு கேட்கிறது என்பது உண்மை. ஆகவே "ஒரே வரிசை மட்டும் உள்ள மொழியில் அது ஒலிப்பிலாததாகவே இருக்கும்" என்று யாராவது சொன்னால், அந்த வாக்கியத்துக்கு இது நல்ல எதிர்ச்சான்று. ஆனால் "ஒலிப்பு வேறுபாடு உள்ள மொழியில் ஒலிப்பிலா வரிசை இருக்கும்" என்று எழுதினால் யிடின் அந்த வாக்கியத்துக்குள் வரவே வராது. கேட்டவர் "அப்படியானால் முதலில் பொதுமையை எப்படி எழுதியிருக்க வேண்டும்?" என்று கேட்டு, கரும்பலகையில் எழுதச் சொன்னார். "வேறுபாடு" என்ற சொல்லைச் சேர்த்து எழுதினேன்.