ஆறிப்போன காசநோய்க் குழியிலிருந்து வந்த ரத்தம்

எனக்குக் காசநோய் வந்து குணமாகிப் பத்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. ஆறு மாத மாத்திரையை ஒரு வேளைகூட விடாமல் முடித்தேன். சளியில் கிருமி இல்லை என்று எழுதியும் கொடுத்துவிட்டார்கள். ஆனால் வலது நுரையீரலின் மேல் பகுதியில் ஒரு குழி மட்டும் மிச்சமிருந்தது. எக்ஸ்ரே பார்க்கும் டாக்டர்கள் எல்லாரும் "இது பழசு" என்று சொல்லிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விடுவார்கள். போன மழைக்காலத்தில் ரத்தம் வந்தது அந்தக் குழியிலிருந்துதான்.

முதலில் காலைச் சளியில் நூல் நூலாகச் சிவப்பு தெரிந்தது. ஓபியில் காட்டி, சளிப் பரிசோதனைக்கும் கொடுத்திருந்தோம். முடிவு வருவதற்குள் ஒரு நாள் சாயங்காலம் தொண்டையில் குறுகுறுவென்று ஏதோ ஏறுவதுபோல் இருந்தது. இருமினேன், வாய் நிறைய ரத்தம். நல்ல சிவப்பு, நுரையோடு. திரும்பத் திரும்ப வந்து அரை டம்ளருக்கு மேல் போய்விட்டது. என் வீட்டுக்காரர் ஒரு கையில் 108-க்குப் போன் பண்ணிக்கொண்டே, இன்னொரு கையால் ஒரு பிளாஸ்டிக் டப்பாவை என் வாயருகே பிடித்தார். அந்த டப்பாவையும் பழைய எக்ஸ்ரே உறையையும் எடுத்துக்கொண்டுதான் ஆம்புலன்ஸில் ஏறினார். இரண்டுமே ரொம்ப உதவின.

எமர்ஜென்சியில் இருந்த டாக்டரம்மா டப்பாவை விளக்கு வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். "வாந்தியா வந்துச்சா, இருமி வந்துச்சாம்மா? மலம் கறுப்பா போச்சா? மூக்குல, ஈறுல ரத்தம் வந்துச்சா?" என்று வரிசையாகக் கேட்டார். வயிற்றிலிருந்து வருவது பெரும்பாலும் கருஞ்சிவப்பாக, காபித்தூள் கரைத்த மாதிரி, சாப்பாட்டோடு கலந்து வரும். நுரையீரலிலிருந்து வருவது சிவப்பாக, நுரையும் சளியுமாக இருக்கும். மூக்கில் கசிந்து தொண்டைக்குள் இறங்கும் ரத்தத்தையும் சிலர் இருமித் துப்புவார்களாம். அதனால் என் மூக்கையும் வாயையும் டார்ச் அடித்துப் பார்த்தார்.

ஏன் ரத்தம் வருகிறது என்ற கேள்விக்கு அவர் உடனே போகவில்லை. ஆக்சிஜன் அளவு, ரத்த அழுத்தம், எவ்வளவு வந்தது, எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது, இவைதான் முதலில். இப்படி ரத்தம் வருகிறவர்கள் பெரும்பாலும் ரத்தம் குறைந்து இறப்பதில்லை, மூச்சுக்குழாய் ரத்தத்தால் நிறைந்து மூச்சடைத்துத்தான் இறக்கிறார்கள் என்று பிறகு விளக்கினார். மூச்சுக்குழாயும் அதன் கிளைகளும் சேர்ந்தே சுமார் 150 மி.லி.தான் கொள்ளும். அதனால்தான் ஒரு டம்ளர் ரத்தத்துக்கு அவ்வளவு பதற்றம்.

பழைய எக்ஸ்ரேயில் குழி வலது பக்கம் இருந்ததைப் பார்த்ததும் என்னை வலது பக்கமாக ஒருக்களித்துப் படுக்க வைத்தார்கள். ரத்தம் வரும் பக்கம் கீழே இருந்தால் நல்ல நுரையீரலுக்குள் ரத்தம் வழியாது. நிமிர்ந்து உட்காரத்தான் எனக்கு மனசு துடித்தது. "அப்படியே கிடங்கம்மா, வர்றதை விழுங்காம துப்பிடுங்க" என்று சிஸ்டர் தோளைப் பிடித்துக்கொண்டார். தூக்க ஊசி போடச் சொல்லி வீட்டுக்காரர் கேட்டதற்கு மறுத்துவிட்டார்கள். இருமி வெளியேற்றும் சக்திதான் அப்போது எனக்குப் பாதுகாப்பு. ரத்தம் நிற்க உதவும் ட்ரானெக்ஸாமிக் ஆசிட் ஊசி போட்டு, ரத்தப் பிரிவு, உறையும் தன்மை, சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் எல்லாவற்றுக்கும் ரத்தம் எடுத்தார்கள். தேவைப்பட்டால் உடனே மூச்சுக்குழாய்க்குள் குழாய் போட மயக்க மருந்து டாக்டரும் பக்கத்திலேயே நின்றார்.

ரத்தம் கொஞ்சம் அடங்கியதும் எக்ஸ்ரே, அப்புறம் ரத்தக் குழாய்கள் தெளிவாகத் தெரிய டை மருந்து ஏற்றி சிடி ஸ்கேன். முன்பு வெறும் குழியாக இருந்த இடத்தில் இப்போது ஒரு உருண்டை தெரிந்தது, அதன் மேல் பிறை வடிவத்தில் காற்று. என்னைக் குப்புறப் படுக்கவைத்து இன்னொரு முறை எடுத்தார்கள். குழிக்குள் உருண்டை இடம் மாறியிருந்தது. குழியின் சுவரோடு ஒட்டி வளர்ந்த கட்டியாக இருந்தால் பொதுவாக இப்படி உருளாது. ஆஸ்பெர்ஜில்லஸ் என்ற பூஞ்சை, காசநோய் விட்டுப்போன குழியில் குடியேறிப் பந்தாகத் திரண்டிருக்கிறது என்றார்கள். அதைச் சுற்றியிருந்த ரத்தக் குழாய்கள் தடித்துப் புடைத்திருந்ததும் அதே ஸ்கேனில் தெரிந்தது.

நுரையீரலுக்கு இரண்டு வழியாக ரத்தம் போகிறது. ஆக்சிஜன் ஏற்றிக்கொள்ள வரும் ரத்தம்தான் மிகப் பெரும் பகுதி, ஆனால் அதன் அழுத்தம் குறைவு. மகாதமனியிலிருந்து நேராகக் கிளைக்கும் மூச்சுக்கிளைத் தமனிகள் மெல்லியவை, அழுத்தம் அதிகம். அதிகமாக ரத்தம் கொட்டுகிறவர்களில் பத்துக்கு ஒன்பது பேருக்கு இவைதான் காரணம். அந்தக் குழாயை உள்ளிருந்தே அடைப்பதுதான் எனக்குச் செய்த எம்போலைசேஷன்.

மயக்கம் கொடுக்கவில்லை. தொடை இடுக்கில் மரத்துப்போகும் ஊசி போட்டு, அங்கிருந்து மெல்லிய குழாயை மார்பு வரை ஏற்றினார்கள். டை போகும்போதெல்லாம் நெஞ்சுக்குள் சூடு பரவி இருமல் முட்டியது. அடைக்கும் துகள்களை அனுப்பும் முன்பும் அனுப்பும்போதும் "கால் விரலை ஆட்டுங்கம்மா" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். முதுகுத் தண்டுக்குப் போகும் சிறு குழாய் சிலருக்கு இதே தமனியிலிருந்து பிரியும். துகள் அதற்குள் போனால் கால் செயலிழக்கலாம். கையெழுத்து வாங்கும்போதே இதைச் சொல்லியிருந்தார்கள். அப்புறம் சில நாள் நெஞ்சு வலியும் லேசான காய்ச்சலும் இருந்தன. சளியில் பழுப்பு நிறத்தில் பழைய ரத்தக் கட்டிகள் வந்தன. அது வரத்தான் செய்யும், புதுச் சிவப்பு வந்தால் மட்டும் உடனே கூப்பிடச் சொன்னார்கள்.

பக்கத்துப் படுக்கையில் ரொம்ப காலம் பீடி குடித்த பெரியவர் ஒருவர் இருந்தார். அவருக்கு வந்தது கொஞ்சமே கொஞ்சம் ரத்தம், எக்ஸ்ரேயும் சுத்தம். ஆனாலும் விடாமல் மூச்சுக்குழாய்க்குள் கேமரா விட்டுப் பார்த்ததில் பெரிய கிளையின் வாயிலேயே கட்டி இருந்தது. ரத்தம் கொஞ்சம் என்பதால் காரணமும் சின்னது என்று ஆகாது என்று எனக்குப் புரிந்தது அப்போதுதான்.

அளவைப் பார்க்காமல் உடனே ஓடிவர வேண்டியவை எவை என்று டாக்டரம்மாவிடம் கேட்டேன். ரத்தத்தோடு திடீர் மூச்சிரைப்போ நெஞ்சுக் குத்தலோ, ஒரு கால் மட்டும் வீக்கமோ இருந்தால் நுரையீரலில் ரத்தக் கட்டி அடைத்திருக்கலாம். சிறுநீரும் சிவந்தால், நுரையீரலையும் சிறுநீரகத்தையும் சேர்த்துத் தாக்கும் நோயாக இருக்கலாம், அதில் நாள் கடத்தினால் சிறுநீரகம் போய்விடும். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்களும், இதய வால்வு சுருங்கியவர்களும் காத்திருக்கவே கூடாது. வெறும் சளி இருமலில் கோடு கோடாக வருவது பலருக்கும் தானே நின்றுவிடும் என்றாலும், அதையும் காட்டி எக்ஸ்ரே எடுத்துவிட வேண்டும்.

காசநோய் திரும்பவில்லை என்று உறுதி செய்யவும் நாளானது. முன்பே சிகிச்சை எடுத்தவர்களுக்கு மரபணுப் பரிசோதனை செத்த கிருமியையும் காட்டிவிடக்கூடும் என்பதால், உயிருள்ள கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் கல்ச்சருக்கும் அனுப்பினார்கள். அதன் முடிவு வர வாரக்கணக்கில் ஆகும். எனக்கு இரண்டிலும் கிருமி இல்லை.

குழாயை அடைத்தாலும் பூஞ்சைப் பந்து உள்ளேதான் இருக்கிறது. அது சுற்றிலும் புதுக் குழாய்களை வளர்த்துக்கொண்டு மறுபடி ரத்தம் வரவைக்கலாம். அதனால் ஊதிப் பார்க்கும் சோதனையில் என் நுரையீரல் தாங்கும் என்று தெரிந்த பிறகு, அந்த மேல் மடலையே ஆபரேஷன் செய்து எடுத்துவிட்டார்கள். மூச்சுப் போதாதவர்களுக்கு இது முடியாது. அவர்களுக்குப் பூஞ்சை மாத்திரையும், தேவைப்படும்போது மறுபடி எம்போலைசேஷனும்தான் வழி. மாடிப்படி ஏறும்போது இப்போதும் எனக்குக் கொஞ்சம் இரைக்கிறது. அதன்பின் ரத்தம் வரவில்லை.