ஆறு மணி நேரம் கழித்துப் படிக்கப்படும் பதில்

மென்பொருள் உதவிக்கு மின்னஞ்சலில் பதில் எழுதுகிறவர்களுக்குக் கணக்கு மிக எளிது. நாம் வேலை முடித்துக் கிளம்பும்போது அனுப்புகிறோம், எதிர்ப்பக்கத்தில் இருப்பவர் ஆறேழு மணி நேரம் கழித்துத் திறக்கிறார். அப்போது நாம் தூக்கத்தில் இருப்போம். அவருக்கு ஒரு சின்ன சந்தேகம் வந்தால்கூட ஒரு நாள் போய்விடும். ஆகவே ஒரு பதிலை எழுதி முடித்ததும் "இது சரியா?" என்று மட்டும் பார்த்தால் போதாது. "இதைப் படித்தவர் என்னிடம் எதுவும் கேட்காமலே வேலையை முடிக்க முடியுமா?" என்றும் பார்க்க வேண்டும்.

அடிக்கடி வரும் ஒரு புகாரை எடுத்துக்கொள்வோம்:

> சிஎஸ்வி கோப்பை ஏற்றினோம். 1,240 வரிகள். தேதி எல்லாம் தப்பாக வருகிறது. சரிசெய்து தரவும்.

கை உடனே எழுதப்போகும் பதில்: "உங்கள் கோப்பில் தேதி எந்த வடிவத்தில் இருக்கிறது?" நியாயமான கேள்விதான். ஆனால் மறுநாள் வரும் விடை பெரும்பாலும் "தேதி வடிவத்தில்தான் இருக்கிறது" என்பதாக இருக்கும். அவர் எக்செலில் பார்க்கும் வடிவமும் கோப்புக்குள் உண்மையில் எழுதியிருக்கும் எழுத்துகளும் வேறாக இருக்கலாம் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. ஒரு நாள் போனது, தகவல் ஒன்றும் வரவில்லை.

தேதி தப்பாவதற்குப் பெரும்பாலும் மூன்றே காரணங்கள். ஒன்று, நாளும் மாதமும் இடம் மாறுவது. இரண்டு, நேர மண்டலம்: தேதியை நள்ளிரவு 00:00 என்று வைத்துக்கொண்டு யுடிசிக்கு மாற்றினால், ஐந்து மணி நேரம் முன்னால் இருக்கும் ஊருக்கு அது முந்தைய நாள் 19:00 ஆகிவிடும், எல்லாத் தேதியும் ஒரு நாள் குறையும். மூன்று, எக்செல் தேதியை உள்ளே ஒரு எண்ணாகத்தான் வைத்திருக்கிறது. நெடுவரிசையின் வடிவம் 'பொது' என்று இருந்தால் சிஎஸ்வியில் அந்த எண்ணே போய் உட்கார்ந்துவிடும்.

இந்த மூன்றும் திரையில் மூன்று விதமாகத் தெரியும். நாம் கேள்வி கேட்டு விடைக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. அவர் கண்ணால் பார்த்து எந்த வகை என்று தானே பிரித்துக்கொள்ளும்படி எழுதிவிடலாம்:

> நீங்கள் ஏற்றிய 1,240 வரிக் கோப்பில் தேதிகள் தப்பாகத் தெரிகின்றன என்று புரிந்துகொண்டோம். கோப்பில் `05/03/2024`, `25/03/2024` என்று இருக்க வேண்டிய இரண்டு வரிகளை (மார்ச் 5, மார்ச் 25) எங்கள் பட்டியலில் தேடிப் பாருங்கள்.
>
> (அ) மார்ச் 5 என்பது மே 3 ஆகவும், மார்ச் 25 காலியாகவும் இருந்தால்: இந்தக் கோப்பிலிருந்து ஏற்றிய 1,240 வரிகளை முதலில் அழியுங்கள். பிறகு ஏற்றும் பக்கத்தில் தேதி அமைப்பை `DD/MM/YYYY` என்று மாற்றி, அதே கோப்பை மீண்டும் ஏற்றுங்கள். கோப்பை எக்செலில் திறந்து சேமிக்க வேண்டாம்.
>
> (ஆ) மார்ச் 4, மார்ச் 24 என்று இருந்தால்: நீங்கள் எதையும் செய்ய வேண்டாம். பிழை எங்கள் பக்கம். "ஆ" என்று மட்டும் பதில் அனுப்புங்கள்.
>
> (இ) `45356` போல ஐந்து இலக்க எண் இருந்தால்: அந்த எண் மார்ச் 5தான். ஏற்றிய வரிகளை அழித்துவிட்டு, எக்செலில் தேதி நெடுவரிசையின் வடிவத்தை `yyyy-mm-dd` ஆக்கி, சிஎஸ்வியாகச் சேமியுங்கள். ஏற்றும் பக்கத்தில் `YYYY-MM-DD` தேர்ந்தெடுத்து ஏற்றுங்கள்.
>
> மீண்டும் ஏற்றிய பின் பட்டியலில் 1,240 வரிகள் இருக்க வேண்டும். 2,480 இருந்தால் பழையவை அழியவில்லை.
>
> இவை எதுவுமே பொருந்தாவிட்டால், கோப்பை நோட்பேடில் திறந்து முதல் ஐந்து வரிகளை நகலெடுத்து மின்னஞ்சலிலேயே ஒட்டி அனுப்புங்கள். மார்ச் 28, வியாழன், 18:00 UTC-க்குள் வந்தால் அன்றே பார்த்துவிடுவோம்.

நீளமான பதில்தான். ஆனால் படிப்பவர் தன் கண்ணில் பட்டதற்குரிய பத்தியை மட்டும் எடுத்துக்கொள்கிறார்.

இதில் ஒவ்வொரு வரிக்கும் வேலை இருக்கிறது. மார்ச் 5, மார்ச் 25 என்று இரண்டு தேதிகளைச் சொன்னது வேண்டுமென்றேதான். நாள் 12க்கு மேல் போனால் அதை மாதமாகப் படிக்க முடியாது, வரி காலியாகிவிடும். 12க்குள் இருப்பவை சத்தமில்லாமல் தப்பாக ஏறும். ஒரே ஒரு தேதியைப் பார்க்கச் சொன்னால் பாதிப் படம்தான் தெரியும். இன்னொன்று: அடையாளங்கள் ஒன்றோடொன்று கலக்கக் கூடாது. "தேதி மாறியிருந்தால்" என்று எழுதினால் அதற்குள் (அ), (ஆ) இரண்டும் அடங்கிவிடும்.

"எக்செலில் திறந்து சேமிக்க வேண்டாம்" என்பதை விட்டுவிட்டால் பிரச்சினை இரட்டிப்பாகும். கணினியின் அமைப்பு மாதம் முதலில் என்று இருந்தால், எக்செல் `05/03/2024`-ஐ மே 3 என்று எடுத்துக்கொள்ளும். `25/03/2024`-ஐ வெறும் எழுத்தாக விட்டுவிடும். நெடுவரிசையைப் பார்த்தாலே தெரியும்: தேதியாக ஏற்றவை வலப்புறம் ஒட்டியிருக்கும், எழுத்தாக விட்டவை இடப்புறம். அதன்மேல் வடிவத்தை மாற்றிச் சேமித்தால் தவறான மே 3 கோப்பிலேயே நிலைத்துவிடும். அதற்குப் பிறகு அந்தக் கோப்பை மட்டும் வைத்து எது மார்ச், எது மே என்று பிரிக்க வழியில்லை. மூலக் கோப்பைத்தான் தேட வேண்டும். திரும்பப் பெற முடியாத செயல் எதுவாக இருந்தாலும், அதற்கான எச்சரிக்கை அந்தப் படிக்குள்ளேயே இருக்கட்டும். கடிதத்தின் கடைசியில் போட்டால், அதைப் படிப்பதற்குள் அவர் வேலையை முடித்திருப்பார்.

நோட்பேடிலிருந்து எழுத்தாகக் கேட்பதற்கும் காரணம் இதுவே. எக்செல் திரையின் படம் கோப்பில் இருப்பதைக் காட்டாது, எக்செல் புரிந்துகொண்டதைத்தான் காட்டும்.

"இன்று மாலைக்குள்", "நாளை" போன்ற சொற்களை இத்தகைய பதிலில் எழுதவே கூடாது என்பது எங்கள் உறுதியான கருத்து. எழுதியவரின் நாளை, படிப்பவரின் இன்றாக இருக்கும். தேதி, கிழமை, மணி, நேர மண்டலம் நான்கும் வேண்டும். கிழமையும் சேர்ந்திருந்தால் தட்டச்சுப் பிழையும் அங்கேயே மாட்டிக்கொள்ளும்.

அனுப்புமுன் பழைய கடிதத் தொடரை மறைத்துவிட்டு நம் பதிலை மட்டும் ஒருமுறை படிப்பது பயன்தரும். கைப்பேசியில் அந்தத் தொடர் பெரும்பாலும் மடங்கித்தான் இருக்கும். பதிலை அவர் வேறொரு ஊழியருக்கு வெட்டி ஒட்டி அனுப்பவும் கூடும். "மேலே சொன்ன கோப்பு", "அதே முறையில்" போன்றவை அங்கே பொருளிழந்துவிடும். அவர் கடிதத்துக்குள்ளேயே சிவப்பு நிறத்தில் விடை எழுதுவதும் அப்படித்தான்: வெற்று எழுத்தாகத் திறந்தால் நிறம் போய்விடும், எது கேள்வி எது விடை என்று தெரியாது. இணைப்புக் கோப்பும் பதிலோடு தானாகத் திரும்பி வராது, அதைத் தனியே சேர்க்க வேண்டும்.

(ஆ)வில் ஓர் எழுத்தை மட்டும் பதிலாகக் கேட்டிருக்கிறோம். ஒரே கடிதத்தில் நான்கு கேள்விகள் கேட்டால் முதல் கேள்விக்கு மட்டும் விடை வருவது வழக்கம். அதனால் கட்டாயம் கேட்டே ஆக வேண்டியதை ஒன்றாகச் சுருக்கி, வரக்கூடிய விடைகளையும் நாமே எழுதிவிடுகிறோம். "ஆ" என்று ஒற்றை எழுத்து வந்தால் போதும், மறுநாள் காலையில் நேர மண்டலத் திருத்தத்தைக் கையில் எடுத்துவிடலாம்.