விரதமா என்று கேட்டோம்

மொரீஷியஸ் தமிழர்களுக்குத் தைப்பூசக் காவடி என்றால் பத்து நாள் விரதம். கொடியேற்றம் முதல் காவடி எடுக்கும் நாள் வரை வீட்டில் புலால் சமைப்பதில்லை. கிரியோல் மொழியில் இதைக் 'கரேம்' என்பார்கள். நான் இங்கே ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் பல ஆண்டுகளாக வேலை செய்கிறேன். அப்படி ஒரு விரதக் காலத்தில்தான் ரோஸ்ஹில் பக்கம் சர்க்கரை நோய் முகாம் ஒன்றுக்குத் தன்னார்வலர்களைப் பயிற்றுவிக்கும் பொறுப்பு எனக்கு வந்தது.

அரங்கில் முப்பது பேர் இருந்தார்கள். இந்தியாவில் படித்த ஒரு மருத்துவர், பிரான்சில் படித்த ஒரு மருத்துவர், செவிலியர் ஆறு பேர், இரண்டு தமிழாசிரியைகள், ஒரு கணக்காளர், மீதிப் பேர் கோயில் இளைஞர்கள். எல்லாருக்கும் புரிய வேண்டும் என்ற கவலையில், இரண்டாவது ஸ்லைடிலேயே பதினான்கு சொற்களைப் பட்டியலிட்டு, ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு வரி விளக்கம் போட்டேன். நம் பள்ளிப் பாடநூலில் செய்யுளுக்குக் கீழே வரும் அருஞ்சொற்பொருள் மாதிரிதான் அதை நினைத்திருந்தேன். வாசித்து முடிக்க ஏழு நிமிடம் ஆயிற்று. மருத்துவர்கள் இருவரும் கைபேசியைப் பார்த்தார்கள். இளைஞர்கள் நோட்டில் எழுத ஆரம்பித்து, ஐந்தாவது சொல்லில் பேனாவை வைத்துவிட்டார்கள்.

பதினோராவது ஸ்லைடில், சாப்பிட்ட நேரம் பாராமல் எடுக்கும் பரிசோதனையைக் குறிக்கும் 'ரேண்டம்' என்ற சொல் வந்தபோது ஒரு செவிலியர் கை தூக்கி, "அந்தப் பட்டியலை மறுபடி காட்ட முடியுமா?" என்று கேட்டார். ஒன்பது ஸ்லைடு பின்னால் போய், காட்டிவிட்டு, திரும்பி வந்தேன். அதற்குள் எங்கே நின்றோம் என்பது எனக்கும் மறந்துவிட்டது, அரங்குக்கும் மறந்துவிட்டது. பாடநூலின் அருஞ்சொற்பொருள் பயன்படுவதற்குக் காரணம், படிப்பவரின் விரல் பக்கத்திலேயே இருப்பதுதான். வேண்டியபோது கண்ணை இறக்கிப் பார்த்துக்கொள்ளலாம். திரையில் பக்கத்தைப் புரட்டும் விரல் பேசுபவருடையது. கேட்பவர் எதைக் கேட்டுவாங்கினாலும் முப்பது பேர் அதற்காகக் காத்திருக்க வேண்டும். வெட்கப்படுகிறவர் கேட்கவே மாட்டார்.

இதைவிடப் பெரிய பிழை அந்த ஞாயிற்றுக்கிழமை முகாமில் வெளிப்பட்டது.

விரல் நுனியில் ஒரு துளி ரத்தம் எடுத்துக் கருவியில் அளக்கும் பரிசோதனை அது. எட்டு மணி நேரம் தண்ணீரைத் தவிர எதுவும் உட்கொள்ளாதவருக்கு லிட்டருக்கு 7 மில்லிமோலோ அதற்கு மேலோ காட்டினால், சர்க்கரை நோய் இருக்கலாம் என்று ஆய்வகப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். சாப்பிட்டவர் என்றால் அந்த எல்லை 11.1. ஆகவே யார் வெறும் வயிற்றில் வந்திருக்கிறார் என்பது தெரியாமல் கருவி காட்டும் எண்ணுக்கு அர்த்தமே இல்லை. படிவத்தில் 'ஃபாஸ்டிங்' என்று ஒரு கட்டம் வைத்திருந்தோம். இளைஞர்கள் அதைக் கிரியோலில் 'கரேமா?' என்றும், தமிழாசிரியைகள் 'விரதமா?' என்றும் கேட்டார்கள். வந்தவர்கள் எல்லாரும் பக்தியோடு ஆமாம் என்றார்கள். அது உண்மையும்கூட. அவர்கள் விரதத்தில்தான் இருந்தார்கள்.

காலை எட்டேகால் மணிக்கு ஓர் அம்மாவுக்கு 8.4 காட்டியது. கட்டத்தில் குறி இருந்ததால் விதிப்படி பரிந்துரைக் கடிதம் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அவருடைய அண்ணன் சர்க்கரை நோயால் காலை இழந்தவராம். கடிதத்தைப் பிடித்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்து அழுதார். நான் பக்கத்தில் உட்கார்ந்து, காலையில் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டேன். ஏழு மணிக்குச் சாமி கும்பிட்டுவிட்டு, சர்க்கரை போட்ட பால் தேநீரும் இரண்டு வாழைப்பழமும் என்றார். தேநீரும் பழமும் சாப்பிட்டு ஒன்றே கால் மணி நேரம் கழித்து 8.4 என்பது கடிதம் எழுத வேண்டிய எண்ணே அல்ல. அதுவரை கடிதம் வாங்கியிருந்த பன்னிரண்டு பேரையும் தேடிப் பிடித்துக் கேட்டோம். ஒன்பது பேர் ஏதோ ஒன்று சாப்பிட்டோ குடித்தோ வந்திருந்தார்கள்.

அன்று இரவு என் ஸ்லைடை எடுத்துப் பார்த்தேன். ஃபாஸ்டிங் என்ற சொல் என் பட்டியலில் இருந்தது. விளக்கமும் சரியாகவே இருந்தது. தப்பு எங்கே என்று நெடுநேரம் யோசித்தபிறகுதான் விளங்கியது. அந்தப் பட்டியலைப் பார்த்தவர், தனக்குத் தெரியாத சொற்களைத்தான் அதில் தேடினார். 'எச்பிஏ1சி' என்ற சொல்லில் கண் நின்றது. ஃபாஸ்டிங்கைக் கண் தாண்டிப் போயிற்று. பிறந்ததிலிருந்து விரதம் இருக்கிறவருக்கு விரதம் என்ன என்று யார் சொல்ல வேண்டும்? தெரியாத சொல் கேள்வியாக வெளியே வந்துவிடுகிறது. ஆளுக்கு ஒரு பொருளில் தெரிந்த சொல் சத்தமில்லாமல் போய்ப் படிவத்தில் உட்கார்ந்துகொள்கிறது.

அதன்பிறகு அந்தப் பதினான்கு சொற்களையும் காகிதத்தில் எழுதி, ஒவ்வொன்றும் எந்தெந்த ஸ்லைடில் வருகிறது என்று பக்கத்தில் எண்களைக் குறித்தேன். இரண்டு சொற்கள் உரையில் எங்குமே வரவில்லை, பழைய உரை ஒன்றிலிருந்து ஒட்டிக்கொண்டு வந்தவை. ஐந்து சொற்கள் ஒரே ஒருமுறை வந்தன. அவற்றுக்குப் பட்டியலில் இடமே தேவையில்லை, வருகிற இடத்தில் வாக்கியத்தோடு சேர்த்துச் சொன்னால் போதும். நான்கு சொற்கள் திரும்பத் திரும்ப வந்தன. மீதி மூன்று ஃபாஸ்டிங், ரேண்டம், கன்ட்ரோல். மூன்றுமே எல்லாருக்கும் தெரிந்ததாக எல்லாரும் நினைக்கும் சொற்கள். கன்ட்ரோல் என்றால் செவிலியருக்கு நோயாளியின் சர்க்கரை கட்டுக்குள் இருப்பது. எனக்கோ, கருவி சரியாக அளக்கிறதா என்று பார்க்கக் காலையில் முதலில் சோதிக்கும் திரவம். 'இன்று கன்ட்ரோல் சரியில்லை' என்று நான் சொன்னால், கருவியை நிறுத்துங்கள் என்று அர்த்தம். அவர்கள் யாரோ ஒரு நோயாளிக்காகக் கவலைப்படுவார்கள்.

அடுத்த பயிற்சியில் பட்டியல் ஸ்லைடை எடுத்துவிட்டேன். ஃபாஸ்டிங்குக்குச் சொற்பொருள் எழுதவில்லை, தனி ஸ்லைடு ஒன்றே கொடுத்தேன். இடப்பக்கம் ஒரு தட்டில் வாழைப்பழமும் தேநீரும்: இது விரதம். வலப்பக்கம் ஒரு தம்ளர் தண்ணீர்: இது வெறும் வயிறு. இரண்டு நிமிடம் அதிலேயே நின்றோம். படிவத்திலும் அந்தக் கட்டத்தை நீக்கி, 'கடைசியாகத் தண்ணீரைத் தவிர எதையாவது சாப்பிட்டது அல்லது குடித்தது எத்தனை மணிக்கு?' என்று கேள்வியாக மாற்றினோம். எத்தனை மொழியில் பெயர்த்தாலும் அந்தக் கேள்விக்குக் கடிகாரம் காட்டும் நேரம்தான் பதிலாக வர முடியும்.

மற்றவற்றை வாக்கியத்துக்குள்ளேயே விளக்க ஆரம்பித்தபோது வேறொரு சங்கடம் எழுந்தது. மருத்துவர் முன்னால் உட்கார்ந்திருக்கையில் எச்பிஏ1சி என்றால் என்னவென்று சொல்வது அவரைப் பள்ளிப் பிள்ளையாக்குவது போலத் தோன்றும். முதல் ஒத்திகையில் 'எச்பிஏ1சி என்றால் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை' என்று சொல்லிப் பார்த்தேன். புதியவருக்கு அது போதவில்லை, தெரிந்தவருக்கு அது வேண்டியதில்லை. பிறகு இப்படி மாற்றினேன்: "சிவப்பணுவில் ஒட்டிக்கொண்ட சர்க்கரையைத்தான் எச்பிஏ1சி அளக்கிறது. அணு ஏறக்குறைய 120 நாள் வாழ்வதால் மூன்று மாதக் கணக்கு கிடைக்கிறது. அணு சீக்கிரம் அழியும் நோய் இருந்தால் ஒட்டிக்கொள்ள நேரமில்லாமல் எண் குறைவாகக் காட்டும்." முதல் வாக்கியம் கோயில் இளைஞருக்கு. கடைசி வாக்கியம் மருத்துவர் நிமிர்ந்து கேட்டது. விளக்கம் அடுத்த கருத்துக்குப் படியாக அமைந்துவிட்டதால் யாருக்கும் அது விளக்கமாகவே படவில்லை.

பழைய உரைகாரர்களின் பதவுரை எனக்கு அப்போது நினைவுக்கு வந்தது. சொல்லைப் பிரித்துப் பொருள் சொல்லிக்கொண்டே பாட்டையும் நகர்த்திக்கொண்டு போவார்கள். பொருள் அறிந்தவன் பாட்டைத் தொடர்கிறான், அறியாதவன் இரண்டையும் பெறுகிறான்.

இதற்கும் எல்லை உண்டு. விளக்கம் இரண்டு வாக்கியத்தைத் தாண்டினால் கேட்பவர் பாதையை விட்டுவிடுகிறார். அப்படிப்பட்ட சொல்லுக்குத் தனி ஸ்லைடு வேண்டும், அது தேவைப்படும் இடத்துக்குச் சற்று முன்னால். பத்து நிமிடம் கழித்து அதே சொல் மறுபடி வந்தால் 'ஒட்டிய சர்க்கரை' என்று இரண்டே சொல்லில் நினைவூட்டிவிட்டுக் கடக்கிறேன். கிரியோலில் பெயர்த்துச் சொல்லும் இளைஞருக்கும் இது வசதி. பட்டியலை அவரால் பெயர்த்து நினைவில் வைக்க முடியாது, வாக்கியத்தைப் பெயர்க்க முடியும்.

ஒரே ஒரு விஷயத்துக்குப் பட்டியலை மீண்டும் கொண்டுவந்தேன், அலகுகளுக்கு. எங்கள் கருவி மில்லிமோலில் காட்டுகிறது. இந்தியாவில் படித்த மருத்துவர் டெசிலிட்டருக்கு மில்லிகிராமில் யோசிக்கிறார், பிரான்சில் படித்தவர் லிட்டருக்குக் கிராமில். 7 மில்லிமோல் என்பதும், 126 மில்லிகிராம் என்பதும், 1.26 கிராம் என்பதும் ஒன்றே. இதை வாயால் ஒவ்வொரு முறையும் மாற்றிச் சொன்னால் உரை கணக்கு வகுப்பாகிவிடும். திரையில் போட்டால் மறைந்துவிடும். அதனால் உள்ளங்கை அகலக் காகிதத்தில் மூன்று பத்தி அச்சிட்டு, ஒவ்வொரு நாற்காலியிலும் ஒன்று வைத்தேன். உரை முடியும்வரை அது மடியில் இருந்தது.

அடுத்த காவடிக்கு முந்தைய முகாமில், மணியைக் கேட்கும் புதிய படிவத்தோடு உட்கார்ந்தோம். தமிழாசிரியை ஒருவர் என்னைக் கூப்பிட்டு, "அக்கா, இவர் விடியற்காலை ஐந்தரைக்குப் பால் குடித்திருக்கிறார், எந்த எல்லையை வைத்துப் பார்க்க வேண்டும்?" என்று கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் பக்கத்தில் இருந்த கணக்காளர், 11.1 என்று எழுதியிருந்த வரியில் விரலை வைத்துவிட்டார். அவர் கையில் இருந்தது பயிற்சியன்று நாற்காலியில் வைத்த அதே காகிதம், இரண்டாக மடித்துச் சட்டைப் பையில் வைத்திருந்தது.