முறுக்கு பேட்ச் கணக்கு: போட்டது எவ்வளவு, வந்தது எவ்வளவு (மூணாவது வாரம்)

போன மாசத்துல இருந்து சனிக்கிழமை ஆனா சிங்கப்பூர் உட்லண்ட்ஸ்ல அக்காவோட யூனிட்டுக்கு போயிடுறேன். இங்க உணவுத் தொழிலுக்கு எஸ்எஃப்ஏ குடுக்குற லைசென்ஸ் எடுத்து நடத்துற சின்ன இடம், அக்காவும் ரெண்டு பேரும்தான் வேலை பாக்குறாங்க, தீபாவளி ஆர்டருக்கு இப்பவே முறுக்கு ஓடிட்டு இருக்கு. எனக்கு ஆபீஸ் வேலை வேற, ஆனா எடை போட்டு கணக்கு எழுதுறது ரொம்ப புடிக்கும், அதனால "அக்கா நான் ஒவ்வொரு பேட்ச்சுக்கும் ரிப்போர்ட் போட்டு தரேன்"னு நானே கேட்டு வாங்கிக்கிட்டேன்.

முதல் வாரம் போட்ட ரிப்போர்ட்டே தப்பு. அரிசி மாவு 10 கிலோ, வறுத்து அரைச்ச உளுந்து மாவு 1.5 கிலோ, பட்டர், உப்பு, எள்ளு எல்லாம் சேர்த்து 12.75 கிலோ. பாக்கெட் போட்ட முறுக்கு கிட்டத்தட்ட 14 கிலோ. ஷீட்ல யீல்டு, அதாவது போட்டதுக்கு வந்தது எவ்வளவுங்கிறது, 109 சதவீதம்னு வந்துச்சு. அக்கா பாத்துட்டு "தம்பி, போட்டதவிட கூட வருதுன்னா வேஸ்டேஜே இல்லன்னு அர்த்தமா? அப்ப தினமும் நான் தொட்டியில கொட்டுறது என்ன?"ன்னு கேட்டாங்க. சரியான கேள்வி.

மாவு பிசையும்போது 6.25 கிலோ தண்ணி போகுது, அத நான் எழுதவே இல்ல. சரின்னு அதையும் சேர்த்தா போட்டது 19 கிலோ ஆகுது, யீல்டு 73ன்னு இறங்கிடுது, அதுவும் உண்மை இல்ல. ஏன்னா எண்ணெய்ல போட்டதும் மாவுல இருக்க தண்ணி ஆவியா வெளிய போகுது, அந்த சலசலன்னு வர நுரையே அதுதான், நுரை அடங்கினா தண்ணி போயிடுச்சுன்னு அர்த்தம். தண்ணி போன எடத்துல எண்ணெய் ஏறுது. ஒண்ணு வெளிய போகுது, ஒண்ணு உள்ள வருது, ரெண்டையும் ஒரே சதவீதத்துல போட்டு கலக்கினா கையால கொட்டி வீணானது எவ்வளவுன்னு தெரியவே தெரியாது.

அதனால ரெண்டாவது வாரம் வேற மாதிரி செஞ்சேன். பிசைஞ்ச மாவுல சரியா 500 கிராம் எடுத்து, ஒரு துளி வீணாகாம பொறிச்சு, எண்ணெய் வடிஞ்சு ஆறினதும் எடை போட்டேன். மூணு தடவ செஞ்சேன், 401, 403, 405 வந்துச்சு. அப்ப 1 கிலோ பிசைஞ்ச மாவுக்கு 806 கிராம் முறுக்கு வரணும், அதுதான் நம்ம அளவுகோல். இது இந்த மாவு, இந்த தண்ணி அளவுக்கு மட்டும்தான், அரிசி மாவு பிராண்ட் மாத்தினாலோ தண்ணி கூட ஊத்தினாலோ திரும்ப பொறிச்சு பாக்கணும். ஷீட்ல இவ்ளோதான்:

```
expected = dough_kg * 0.806
gap = expected - (whole_kg + broken_kg)
```

இப்ப இந்த வாரத்து பேட்ச். பிசைஞ்ச மாவு 18.80 கிலோ, அப்ப 15.15 கிலோ முறுக்கு வரணும். ட்ரேல ஆறினது முழுசு 13.92, உடைஞ்சது 0.70, மொத்தம் 14.62. 530 கிராம் எங்கயோ போயிருக்கு. முறுக்கு அச்சுக்குள்ளயும் மேஜையிலயும் காஞ்சு ஒட்டினத சுரண்டி எடை போட்டா 310 கிராம் பச்சை மாவு, அது முறுக்காகியிருந்தா 250 கிராம். எண்ணெய்ல உதிர்ந்து கருகின தூள ஜல்லிக்கரண்டியால அள்ளினது 150. மிச்சம் 130 கிராம்தான் தெரியல, அது 1 சதவீதத்துக்கும் கீழ, அத தேடிட்டு நேரத்த வீணாக்க வேணாம்னு விட்டுட்டேன். அச்சுல ஒட்டுறதுக்கு காரணம் மாவு காயுறது, ஏசி காத்து நேரா பேசின் மேல படுது. இப்ப ஈரத்துணி மூடி கொஞ்சம் கொஞ்சமா எடுக்குறாங்க.

எண்ணெய் கணக்குல ஒரு நாள் பூரா மண்டைய உடைச்சுக்கிட்டேன். 11 ஊத்தினோம், மறுநாள் காலைல ஆறின எண்ணெய வடிகட்டி எடை போட்டா 6.46 கிலோ, அப்ப 4.54 குடிச்சிருக்கு, முறுக்குல 31 சதவீதம். எண்ணெய் சூடு பத்தலன்னா முறுக்கு மெதுவா வெந்து எண்ணெய அதிகமா குடிக்கும், அதனால அடுப்பத்தான் சந்தேகப்பட்டோம், ஆனா முறுக்க கையில எடுத்தா பிசுபிசுப்பு இல்ல, டிஷ்யூல வெச்சாலும் பெருசா கறை இல்ல. அப்புறம்தான் பாத்தேன், அக்கா ஊத்தினது லிட்டர் ஜக்ல, நான் எழுதினது கிலோன்னு. 1 லிட்டர் ஊத்தி எடை போட்டா 915 கிராம்தான் இருக்கு. 11 லிட்டர்னா 10.07 கிலோ, அப்ப போனது 3.61 கிலோ, முறுக்கு எடையில கால் பங்குக்கு கொஞ்சம் கம்மி. அடுப்புல குறையே இல்ல. இப்ப ஜக்க எடுத்து உள்ள வெச்சாச்சு, எண்ணெயும் தராசுலதான்.

இன்னொண்ணும் கவனிச்சேன், ட்ரேய மூடாம 5 மணிக்கு 14.62 இருந்தது 9 மணிக்கு 14.71 காட்டுச்சு. 90 கிராம் கூடிடுச்சு, கூடினது நம்ம ஊரு ஈரக்காத்து. ஷீட்ல யீல்டு நல்லா தெரியும், வாயில போட்டா நறுக்குன்னு உடையாது. அதனால ஆறின அரை மணிக்குள்ள எடை போட்டு மூடிடணும்.

ஆனா பெரிய ஓட்டை இது எதுவும் இல்ல, பாக்கெட்ல இருந்துச்சு. 13.92 கிலோவுக்கு 200 கிராம் பாக்கெட் 69 வரணும், வந்தது 67. எல்லா பாக்கெட்டையும் பையோட எடைய கழிச்சு 1 கிராம் காட்டுற சின்ன தராசுல போட்டேன், பெரிய தராசு 5 கிராம் 5 கிராமாதான் காட்டும், அதுல இது தெரியாது. சராசரி 207. ஒரு பாக்கெட்டுக்கு 7 கிராம் கூட, 67 பாக்கெட்டுக்கு 469 கிராம். அச்சுல ஒட்டினதும் கருகினதும் சேர்ந்தே 400தான், அதவிட இது ஜாஸ்தி, அதுவும் தொட்டியில விழாததால யார் கண்ணுக்கும் வேஸ்ட்டா படல.

ஏன் 7ன்னு யோசிச்சேன். ஒரு முறுக்கு 14 கிராம் கிட்ட. 14 முறுக்கு போட்டா 196, லேபிள்ல 200ன்னு போட்டுட்டு கொறைய குடுக்கவே கூடாது, அதனால இன்னொண்ணு போடுறாங்க, 210 ஆயிடுது. முறுக்கு ஒண்ணுக்கொண்ணு எடை மாறுறதால சில பாக்கெட் 202, சிலது 212, சராசரி பாதி முறுக்கு கூட போகுது. உடைஞ்ச துண்ட போட்டு சரி பண்ணலாமான்னு கேட்டேன். அக்கா "வேணாம் தம்பி, பாக்கெட்டுக்குள்ள துண்டு கெடந்தா பழைய சரக்குன்னு நெனைப்பாங்க"ன்னாங்க. அவங்க சொல்றதுதான் சரி. அதனால சின்னதா விழுந்த முறுக்க மட்டும் தனி ட்ரேல எடுத்து வெச்சு, கடைசி முறுக்கு அதுல இருந்து பாத்து போடுறாங்க. நேத்து பேட்ச்ல சராசரி 203, முழு முறுக்கு ஏறக்குறைய அதே எடைதான், பாக்கெட் 68.

அடுத்த வாரம் பிழியும்போதே ஒரு முறுக்கு 13.4 கிராம் ஆறுற மாதிரி அளவு வெச்சு பாக்கணும், அப்ப 15 போட்டா 201 வரும். கையால பிழியுறதுல அவ்ளோ துல்லியம் வருமான்னு 50 முறுக்கு தனித்தனியா எடை போட்டுட்டு எழுதுறேன்.