மடிப்பாக்கம் சம்ப்: சைட் நாட்குறிப்பு

ஆகஸ்ட் 18

மாமா வீட்டுக்கு சம்ப் அளவு இன்று முடிவானது. கீழும் மேலும் இரண்டு குடும்பம், எட்டுப் பேர். ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் என்பது வழக்கமான கணக்கு. மொத்தம் 1,080 லிட்டர். இதை மட்டும் பார்த்தால் நான்காயிரம் லிட்டர் சம்ப்பே தாராளம். ஆனால் கோடையில் இந்தத் தெருவில் அளவை முடிவு செய்வது தண்ணீர் லாரிதான். ஒன்பதாயிரம் லிட்டர் லாரி வந்தால் முழுதாக இறக்கிவிட்டுத்தான் போவார்கள். இரண்டு நாள் தண்ணீர் மிச்சம் இருக்கும்போதே லாரிக்குச் சொல்ல வேண்டும் என்றால் 9,000 + 2,160. பன்னிரண்டாயிரம் என்று வைத்தோம்.

உள் அளவு 3 மீட்டர் நீளம், 2 மீட்டர் அகலம், தண்ணீர் நிற்கும் ஆழம் 2 மீட்டர். பெருக்கினால் 12 கன மீட்டர், அதாவது 12,000 லிட்டர். அதற்கு மேல் 30 சென்டிமீட்டர் காலி இடம். மிதவை வால்வும் ஓவர்ஃப்ளோ குழாயும் அங்கேதான். ஆக சுவர் உயரம் 2.3 மீட்டர். சுவர் 20 சென்டிமீட்டர், அடித்தளம் 20, மேல்மூடி 15.

மேஸ்திரி ஒன்பது அங்குலச் செங்கல் சுவர் எழுப்பிப் பூசிவிடலாம் என்றார். மேட்டு நிலமாக இருந்தால் நானும் தலையாட்டியிருப்பேன். இங்கே ஐப்பசியில் ஒன்றரை அடி தோண்டினாலே ஊற்று வருகிறது, அதனால் கான்கிரீட் சுவர்தான்.

ஆகஸ்ட் 21

சம்ப் என்றால் எல்லோரும் தண்ணீர் நிறைந்த நிலையைத்தான் நினைக்கிறார்கள். எனக்கு பயம் காலியாக இருக்கும் நாள்தான். கழுவுவதற்காக இறைத்துவிட்டோம், வெளியே நிலத்தடி நீர் தரைமட்டம் வரை நிற்கிறது என்றால் அது மண்ணுக்குள் புதைந்த ஒரு படகு.

கணக்குப் போட்டேன். வெளி அளவு 3.4 × 2.4 மீட்டர், மொத்த உயரம் 2.65. அடித்தளத்தைச் சுவருக்கு வெளியே 15 சென்டிமீட்டர் நீட்டினால், சம்ப் ஒதுக்கும் தண்ணீர் கிட்டத்தட்ட 22 டன். மேலே தள்ளும் விசையும் அதுவே. கான்கிரீட்டின் எடை 20.3 டன். கான்கிரீட் எடை மட்டும் போதவில்லை. நீட்டிய பகுதியின் மேல் உட்காரும் மண் 3.6 டன் சேர்த்தால் 23.9. மிதக்காது, ஆனால் தள்ளும் விசையைப் போல 1.2 மடங்கு எடையாவது இருக்க வேண்டும், இது 1.09 தான்.

தடிமனைக் கூட்டினால் பலன் குறைவு. கூடுகிற கான்கிரீட்டும் தன் பங்குக்குத் தண்ணீரை ஒதுக்கும். அதற்குப் பதில் நீட்டலை 30 சென்டிமீட்டர் ஆக்கினேன். அடித்தளம் 4 × 3 மீட்டர் ஆனது. கூடுதல் கான்கிரீட் அரை கன மீட்டர்கூட இல்லை, ஆனால் மேலே உட்காரும் மண் 7.5 டன். (தண்ணீருக்குள் மூழ்கிய மண் என்பதால் கன மீட்டருக்கு 0.8 டன் மட்டுமே எடுத்தேன்.) இப்போது கீழே அழுத்துவது 28.9, மேலே தள்ளுவது 22.4. விகிதம் 1.29.

மாமா கேட்டார்: “பள்ளம் பெருசாகுதே மாப்ளே, மண்ணு அள்ற கூலி?” கூடும்தான்.

ஆகஸ்ட் 24

பொருள் கணக்கு. அடித்தளம் 4 × 3 × 0.2 = 2.4 கன மீட்டர். சுவருக்கு நடுக்கோட்டு நீளம் எடுக்க வேண்டும்: 2 × (3.2 + 2.2) = 10.8 மீட்டர். அதை 0.2, 2.3 இரண்டாலும் பெருக்கினால் 4.97. மேல்மூடி, மேன்ஹோல் கழித்து, 1.17. மொத்தம் 8.54 கன மீட்டர். அடித்தளத்துக்குக் கீழே போடும் கம்பியில்லாத கான்கிரீட், பிசிசி, 1.35 தனி.

தண்ணீர்த் தொட்டிக்கு எம்30 கான்கிரீட். எங்கள் மிக்ஸ் டிசைன்படி கன மீட்டருக்கு எட்டு மூட்டை சிமெண்ட். 68 மூட்டை, சேதாரத்துக்கு இரண்டு. தண்ணீர் சிமெண்ட் எடையில் 0.45 பங்குக்கு மேல் போகக்கூடாது, அதாவது மூட்டைக்கு 22 லிட்டர். ஈர எம்-சாண்டில் இருக்கும் தண்ணீரும் இதற்குள்தான்.

கம்பி: சுவரில் நெடுக்குக் கம்பி 12 மில்லி, 15 சென்டிமீட்டர் இடைவெளி, இரண்டு முகத்திலும். உள்ளே தண்ணீர் தள்ளும்போது ஒரு முகம் இழுபடும், வெளியே மண்ணும் ஊற்றும் தள்ளும்போது மறு முகம். 10.8 மீட்டரில் முகத்துக்கு 72, ஆக 144 கம்பி. மேலும் கீழும் மடிப்புச் சேர்த்து ஒன்று 3.4 மீட்டர். 12 மில்லி கம்பி மீட்டருக்கு 0.889 கிலோ (விட்டத்தின் வர்க்கத்தை 162-ஆல் வகுத்தால் வரும்). 435 கிலோ. படுக்கைக் கம்பி 10 மில்லி, 253 கிலோ. அடித்தளத்தில் இரண்டு வலை, 299. மேல்மூடி 90. கூட்டினால் 1,077, சேதாரத்தோடு 1.1 டன் சொல்லிவிட்டேன்.

செப்டம்பர் 4

அடித்தளம் போட்டாயிற்று. அதோடு சேர்த்தே சுவரின் முதல் 15 சென்டிமீட்டரையும் எழுப்பினோம். சம்ப் கசிந்தால் நான் முதலில் பார்ப்பது அடித்தளமும் சுவரும் சந்திக்கும் அந்த மூட்டைத்தான். மூட்டு தரையோடு தரையாக இருந்தால் அழுக்கும் சிமெண்ட் பாலும் அங்கேயே படியும். சற்று மேலே தூக்கினால் சுத்தம் செய்யலாம். நாளை மேல்பரப்பைக் கொத்தி ஜல்லி முனை தெரியவைத்து, நடுவில் தண்ணீர் பட்டால் உப்பும் பட்டையை 10.8 மீட்டர் சுற்றிலும் ஒட்ட வேண்டும். மழையில் நனைந்து முன்கூட்டியே உப்பிவிட்டால் பட்டை வீண். அதனால் பலகை அடைக்கும் நாள் வரை அது மாமா வீட்டு பீரோவில்.

செப்டம்பர் 10

சுவர் கான்கிரீட். பலகை விரியாமலிருக்க சென்ட்ரிங் ஆட்கள் சுவருக்குள் பிவிசி குழாய் சொருகி போல்ட் போடப் பார்த்தார்கள். வேண்டாம் என்று நிறுத்தினேன். ஒவ்வொரு குழாயும் உள்ளிருந்து வெளியே ஒரு வழி. பிறகு என்ன அடைத்தாலும் சந்தேகம்தான். நடுவில் தகடு வைத்த போல்ட், கான்கிரீட்டிலேயே தங்கிவிடும் வகை, வாங்கிவந்தார்கள். 

செப்டம்பர் 19

இரவெல்லாம் மழை. காலையில் பள்ளத்தில் மூன்றடி தண்ணீர். மேல்மூடியும் இல்லை, மண்ணும் நிரப்பவில்லை. அடித்தளமும் சுவரும் 18.4 டன் மட்டுமே. அடித்தளத்தின் மேல்பரப்பிலிருந்து 1.96 மீட்டர், சுமார் ஆறரை அடி, தண்ணீர் ஏறினால் தூக்கிவிடும். மூன்றடிக்கு ஆபத்தில்லை, ஆனால் வானத்தைப் பார்த்தால் இன்னொரு மழை நிச்சயம். சம்ப்புக்குள் இரண்டடி தண்ணீர் விடச் சொன்னேன், 3.6 டன். 

“வெளியே இறைக்கறோம், உள்ளே ஊத்தறோம், என்ன சார் கணக்கு?” என்று சிரித்தார் மேஸ்திரி. சுவருக்கு கியூரிங்கும் ஆகட்டும் என்றேன்.

அக்டோபர் 14

மேல்மூடி போட்டு, பலகை பிரித்து, ஒரு வாரமாக நிரப்பி வைத்திருக்கிறோம். கான்கிரீட் குடிக்க வேண்டியதைக் குடித்துவிட்டது. இன்று நீர்மட்டத்தைக் குறித்து சுவரில் பென்சில் கோடு. பூச்சு எதுவும் அடிக்கும் முன்பே சோதிப்பதுதான் சரி. பூசிவிட்டால் கான்கிரீட்டின் குறை மறைந்துவிடும்.

அக்டோபர் 21

ஏழு நாளில் 4 மில்லி இறக்கம். 20 மில்லி வரை ஒப்புக்கொள்ளலாம். வெளிச்சுவரில் ஈரத் திட்டு எங்கும் இல்லை.

நாளை முதல் மண் நிரப்புவது, தண்ணீர் உள்ளே இருக்கும்போதே. மூடி போட்ட பிறகும் மண் இல்லாமல் எடை 21.3 டன்தான், தள்ளுவது 22.4. ஓரடிக்கு ஓரடி தட்டிக் கெட்டித்த பிறகுதான் காலி செய்து, உள்மூலைகளில் சரிவுப் பூச்சு வைத்து, குடிநீருக்கு உகந்த பாலிமர் சிமெண்ட் பூச்சு இரண்டு கை. சுவர் 23, தரை 6, ஆக 29 சதுர மீட்டர். கைக்கு சதுர மீட்டருக்கு ஒரு கிலோ வீதம் 58 கிலோ. 60 கிலோ சொல்லியிருக்கிறேன். மேன்ஹோல் வழியாகக் காற்றாடி வைத்துவிட்டுத்தான் ஆள் இறங்க வேண்டும்.